செய்பவர், முடிவெடுப்பவர்

எங்கள் துறையிலிருந்து பிரசவ விடுப்பில் போன ஒரு தோழிக்கு, குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. அகமதிப்பீட்டு மதிப்பெண் தாள் எந்த பீரோவில் இருக்கிறது என்று கேட்டார்கள். அடுத்த வாரம் வினாத்தாள் கோப்பைக் கேட்டு இன்னொரு போன். பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. போனில் கேட்பது வேலையாகாது என்று நினைப்பவர்களிடம் அந்தச் சட்டம் செல்லுபடியாவதில்லை.

இடுப்பெலும்பு முறிந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் கூமாப்பட்டிக்குப் போக வேண்டி வந்தபோது எனக்கு அந்த போன்கள்தான் ஞாபகம் வந்தன. விடுப்பு விண்ணப்பம் நான்கு வரி. பொறுப்பு ஒப்படைக்கும் மின்னஞ்சலை எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது.

இந்த மாதிரி மின்னஞ்சல்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். "நிலுவைப் பணிகளைத் துறை கவனித்துக்கொள்ளும், கோப்புகள் அனைத்தும் பீரோவில் உள்ளன" என்று கிளம்புகிற நாள் மாலையில் ஒன்று அனுப்புவார்கள். துறை என்று ஓர் ஆள் கிடையாது. துறை பார்க்கும் என்றால், எங்களைப் போன்ற கல்லூரிகளில், அங்கே இருப்பவர்களில் சம்பளம் குறைந்த கௌரவ விரிவுரையாளர் பார்ப்பார் என்று அர்த்தம். பெரும்பாலும் அவர் ஒரு பெண். வேலை அவர் கைக்குப் போகும், முடிவெடுக்கிற உரிமை போகாது. பிசகினால் கேள்வி மட்டும் அவரிடம் வரும். அதனால் என் மின்னஞ்சலில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே இரண்டு பெயர்கள் எழுதினேன்: செய்பவர், முடிவெடுப்பவர். ஒரே ஆளாக இருந்தாலும் இரண்டு முறை எழுதினேன்.

ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில் வகுப்புக்கு வருவாள். வராத நாள்களும் உண்டு. பருவத்தின் 90 வேலை நாள்களில் பதிவேட்டின்படி அவள் வந்தது 55 நாள், அதாவது 61.1 விழுக்காடு. எங்கள் விதிப்படி 75க்குக் கீழே போனால் விளக்கமும் கட்டணமும் செலுத்தி முதல்வரின் அனுமதி வாங்கித் தேர்வு எழுதலாம். 65க்குக் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. ஆனால் அவள் ஏழு நாள் நாட்டுநலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருந்தாள். அந்த ஓ.டி. கடிதம் என்னிடம் வந்து கோப்பில் இருக்கிறது, பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை. ஏற்றினால் 62 நாள், 68.9 விழுக்காடு. ஒரு பெண் தேர்வு எழுதுவாளா மாட்டாளா என்பது அப்போது என் மண்டைக்குள் மட்டும் இருந்த ஒரு தகவல்.

"வருகைக் குறைவுப் பட்டியல் நிலுவையில் உள்ளது" என்று நான் எழுதியிருந்தால் பொய்யில்லை, ஆனால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. கடைசியில் எழுதியது இப்படி: "மூன்றாம் ஆண்டு வருகைக் குறைவு, ஒரு மாணவி. பதிவேட்டில் 55 நாள். முகாம் 7 நாள் ஓ.டி. சேர்க்க வேண்டும், சேர்த்தால் 62. கடிதம் பச்சைக் கோப்பில், மூன்றாவது தாள். பதிவேட்டில் ஏற்றிப் பட்டியலைத் திருத்துபவர் இளைய விரிவுரையாளர். அனுமதி குறித்து முடிவெடுப்பவர் முதல்வர், பரிந்துரைப்பவர் துறைத்தலைவர். நுழைவுச்சீட்டுப் பட்டியல் போவதற்கு ஒரு வாரம் முன்பே முடிய வேண்டும். மாணவி வந்து கேட்டால் துறைத்தலைவரிடம் அனுப்பவும்." கடைசி வரி மாணவிக்காக எழுதியது இல்லை. யாராவது வந்து "நீங்கதானே மேம் பார்க்கிறீங்க" என்று அழும்போது இளைய விரிவுரையாளர் தனியாக நிற்கக் கூடாது என்பதற்காக எழுதியது.

கோப்புகள் இருக்குமிடம் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. துறையின் ஐந்தாண்டுக் கணக்கு, அகமதிப்பீட்டுப் பட்டியல்கள் எல்லாம் என் சொந்த ஜிமெயில் கணக்கின் டிரைவில் இருந்தன. முகவரியைப் பகிர்ந்தால் அவர்கள் பார்க்கலாம், திருத்தலாம், உரிமை என்னிடமே இருக்கும். என் கணக்குக்கு ஏதாவது ஆனால் கோப்பும் போய்விடும். Transfer ownership கொடுத்தால் அடுத்தவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுவரை மாறாது. சொந்தக் கணக்கிலிருந்து கல்லூரிக் கணக்குக்கு உரிமையை மாற்றவே முடியாது, பிரதி எடுத்துத்தான் போட வேண்டும். போட்ட பிறகு பழையதன் பெயருக்கு முன்னால் "பழையது, தொடாதீர்" என்று சேர்த்தேன். இல்லையென்றால் இரண்டு பேர் இரண்டு பிரதியில் மதிப்பெண் ஏற்றுவார்கள். கடவுச்சொல் எதையும் மின்னஞ்சலில் எழுதவில்லை. பீரோ சாவியை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன்.

எழுதாமல் விட்டதும் உண்டு. நான் உள்ளகப் புகார் குழுவின் தலைவராகவும் இருந்தேன். அதை யாரிடமாவது "பார்த்துக்கோங்க" என்று ஒப்படைக்க முடியாது. 2013 சட்டப்படி தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், குழுவை எழுத்துப்பூர்வமான ஆணையால் நிர்வாகம்தான் அமைக்க வேண்டும். விசாரணைக்கு அமர்பவர்கள் தலைவர் உட்பட மூன்று பேருக்குக் குறையக் கூடாது. தலைவர் விடுப்பில் போய், புதிய ஆணை வராவிட்டால் விசாரணை அப்படியே நிற்கும், 90 நாள் கெடு மட்டும் ஓடும். புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடவும் கூடாது. எனவே மின்னஞ்சலில் அதைப் பற்றி ஒரே வரிதான்: "உள்ளகக் குழுப் பொறுப்பு இந்த மடலில் சேராது, தனி ஆணை வேண்டும்." ஆணை கேட்டு முதல்வருக்குத் தனிக் கடிதம் கொடுத்தேன். அது வந்த பிறகுதான் உறையிட்ட கோப்பை நேரில் ஒப்படைத்தேன். விடுப்பு தொடங்க இரண்டு நாள் இருந்தது.

அனுப்புவதற்கு முன் மின்னஞ்சலை இளைய விரிவுரையாளரிடம் கொடுத்துப் பச்சைக் கோப்பை எடுத்துவரச் சொன்னேன். எடுக்க முடியவில்லை. பீரோவில் மூன்று பச்சைக் கோப்புகள். "மேம், எது?" என்றார். அங்கேயே ஒட்டுத்தாளில் எண் எழுதி ஒட்டி, மின்னஞ்சலிலும் எண்ணைச் சேர்த்தோம். எழுதியவர் இன்னும் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போதே எடுத்துப் பார்த்தால்தான் இதெல்லாம் தெரியும்.

என்னை அழைக்கலாம் என்று இரண்டு விஷயங்களை மட்டும் குறித்தேன்: என் ஆய்வு மாணவியின் வாய்மொழித் தேர்வுத் தேதி, என் கையெழுத்து மட்டுமே செல்லும் தாள்கள். மற்றவற்றுக்கு முடிவெடுப்பவரின் பெயர் மேலேயே இருக்கிறது. நகலை முதல்வருக்கும் அனுப்பியிருந்ததால் அது என் விருப்பமாக இல்லாமல் பதிவாக ஆனது. ஆறு மாதத்தில் நான்கு போன்கள் வந்தன. இரண்டு, குறித்த விஷயங்களுக்கு. ஒன்று நலம் விசாரிக்க. நான்காவது, துறைத்தலைவருக்குப் போக வேண்டியது. "சார்கிட்ட கேளுங்கம்மா" என்று வைத்துவிட்டேன்.

கூமாப்பட்டி வீட்டில் அப்படி ஒரு மடல் யாரும் யாருக்கும் எழுதியதில்லை. பிளவக்கல் தண்ணீர் கண்மாய்க்கு வந்தால் எந்த மடையை எப்போது திறப்பது என்று ஊருக்குத் தெரியும். அம்மாவின் வீட்டில் மருந்து கொடுப்பவள் நான், டாக்டரை மாற்றுவதா என்று முடிவெடுப்பவன் சென்னையிலிருக்கும் தம்பி. தென்னைக் குத்தகைக்காரர் வந்தாலும் "தம்பி என்ன சொல்றார்?" என்றுதான் கேட்பார். தோப்பு அம்மாவின் பெயரில் இருக்கிறது.

நான் கல்லூரிக்குத் திரும்பும் வாரம் அக்காள் மகள் வந்து அம்மாவோடு தங்குவதாக ஏற்பாடு. அவளுக்காக ஒரு நோட்டில் எழுதினேன்: காலை மாத்திரை எது, நடைப்பயிற்சி சொல்லித்தருபவர் எந்த நாள் வருவார், வாக்கரின் ரப்பர் தேய்ந்தால் எங்கே வாங்குவது. தேங்காய் வெட்டுக்கு, செய்பவர் குத்தகைக்காரர் என்று எழுதி நிறுத்தினேன். அம்மா கட்டிலில் இருந்தபடியே, "நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா வெட்டணும், அதையும் போடு" என்றார். போட்டேன். முடிவெடுப்பவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை இனிஷியலோடு எழுதிப் படித்துக் காட்டினேன். நோட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேங்காய்க்கு மேலே இருந்த டாக்டர் வரியையும் திருத்தச் சொன்னார்.