முப்பது வினாடியில் ஒரு ரவிக்கை

வரதய்யபாளையத்துத் தையல்கடை மாஸ்டர் ஒருவர் தன் கடைக்கு விளம்பர வீடியோ வேண்டும் என்றார். ஊர் இப்போது திருப்பதி மாவட்டம்; 2022 ஏப்ரல் வரை சித்தூர். கடைக்கு வருகிறவர்களில் தெலுங்கு படிப்பவர்களும் உண்டு, தமிழ் படிப்பவர்களும் உண்டு. ஸ்ரீ சிட்டி கம்பெனிகளில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் பெண்களுக்குக் கடை வாசலில் நின்று பேச நேரமில்லை. துணியைக் கொடுத்துவிட்டு அளவு ஜாக்கெட்டையும் மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் இந்த வீடியோவைப் பார்க்கப்போவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான், பெரும்பாலும் பஸ்ஸில், சத்தத்தை அணைத்துவிட்டு.

அளவு முப்பது வினாடி என்று மாஸ்டரே முடிவு செய்திருந்தார். ஸ்டேட்டஸில் முன்பு அவ்வளவுதான் ஏறும். 2020 ஊரடங்கு தொடக்கத்தில் இந்தியாவில் அதையும் சில காலம் பதினைந்தாகக் குறைத்திருந்தார்கள். இப்போது வரம்பு கூடிவிட்டது. ஆனாலும் ஒரு ரவிக்கைக்கு முப்பது போதும்.

அவர் மனத்தில் இருந்த படம் வேறு. முதலில் போர்டு, பிறகு சாமி படம், பிறகு கடைக்குள் ஒரு சுற்று, பொம்மைக்குப் போட்ட சுடிதார், கடைசியில் அவர் கைகூப்புவது. இதில் கடை தெரியும், தையல் தெரியாது. தையல்காரரிடம் பெண்களுக்கு உள்ள பயம் இரண்டே: சரியாகப் பொருந்துமா, சொன்ன நாளில் கிடைக்குமா. இரண்டாவதைப் படம் பிடிக்க முடியாது. முதலாவதைப் பிடிக்கலாம்.

அதற்கு ஒரு ஷாட் இருக்கிறது. தைத்த ரவிக்கையைப் போட்ட பெண் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கிக் கொண்டையில் பூ வைக்க வேண்டும். கைக்குழியைத் தாழ்த்தி வெட்டியிருந்தால் கை மேலே போகும்போது ரவிக்கை முழுவதும் கூடவே ஏறும். இடுப்புப் பட்டி மேலே போய்விடும், முதுகில் குறுக்கே சுருக்கம் விழும். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் ஏறும், பட்டி இருந்த இடத்தில் இருக்கும். ரவிக்கை போடுகிற எந்தப் பெண்ணும் இதைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வாள். ஆகவே முப்பதில் ஏழு வினாடியை வெட்டில்லாமல் இந்த ஷாட்டுக்கே கொடுத்தேன். மீதி எல்லாம் அதற்குக் கூலி வேலை செய்பவை.

மீதியைச் சொல்கிறேன். தொடக்கத்தில் மேஜையை நேர்மேலிருந்து பார்க்கிறோம். மடித்த துணி விரிகிறது, அதன்மேல் பழைய அளவு ஜாக்கெட் வந்து விழுகிறது. மூன்று வினாடி. அடுத்து அந்த ஜாக்கெட்டின் பின்கழுத்தில் டேப், இரண்டு வினாடி. பெண்ணை நிறுத்தி அளவெடுப்பதைப் படமாக்க வேண்டாம் என்று நானே சொன்னேன். இந்த ஊரில் பலரும் அளவு ஜாக்கெட்தான் கொடுக்கிறார்கள்; தன்னையும் இப்படிப் படம் எடுத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் வந்தால் வாடிக்கை போய்விடும். பிறகு சாக்கட்டி கோடு இழுப்பது இரண்டு, கத்தரி ஓடுவது மூன்று, பாபின் உள்ளே போய்ப் பூட்டுவது இரண்டு, ஊசி தைப்பது மூன்று, மாஸ்டரின் மனைவி கொக்கி கட்டுவது இரண்டு, இஸ்திரி இரண்டு. பத்தொன்பது ஆயிற்று. அதற்குமேல் அந்த ஏழு. கடைசி நாலு வினாடி போர்டுக்கு.

இதில் தொல்லை பிடித்தது ஊசி ஷாட். போனில் இருபத்தைந்து ஃபிரேமில் எடுக்கிறோம் என்று வையுங்கள். மோட்டார் மெஷின் நிமிடத்துக்கு 1,500 தையல் போடும் வேகத்துக்கு வந்தால் வினாடிக்குச் சரியாக இருபத்தைந்து தையல். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். துணி நகரும், ஊசி அசையாமல் நிற்கும். மெஷின் கெட்டுவிட்டதுபோல் இருக்கும். வேகம் சற்று மாறினால் ஊசி மெதுவாக மிதப்பதுபோலத் தெரியும். ஸ்லோ மோஷனில் எடுக்கலாமே என்றால் அங்கே ட்யூப்லைட் குறுக்கே வருகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த குழல்விளக்கு வினாடிக்கு நூறு முறை ஒளி கூடிக் குறைகிறது. போன் ஸ்லோ மோஷனில் 120 ஃபிரேம் எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் படம் முழுக்கப் படபடக்கும். மலிவான எல்.இ.டி. பல்பும் இதே வேலையைச் செய்யும்.

வழி எளியதுதான். விளக்கை அணைத்துவிட்டு மெஷினை வாசல் ஓரம் இழுத்துப் போட்டுக் காலை வெளிச்சத்தில் எடுப்பது. மோட்டாரை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தை உருட்டியே நாலைந்து தையல் போடுவது. விளக்கு இல்லாமல் முடியாத ஷாட்டுக்குக் கேமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று பூட்டிவைத்தால் பட்டை பட்டையாக ஓடுவது நின்றுவிடும்.

துணியைப் பற்றியும் ஒரு பேச்சு நடந்தது. சேலையோடு வரும் ரவிக்கைத் துணி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை வெட்டுவதையும், அதே துணியில் தைத்து முடித்ததையும் ஒரே காலையில் எடுக்க முடியாது. அதனால் மேட்சிங் கடையில் டூ பை டூ துணி ஒரே நிறத்தில் இரண்டு துண்டு வாங்கச் சொன்னேன். ஒன்று முன்கூட்டியே தைத்து இஸ்திரி போட்டுத் தயாராக இருக்க வேண்டும், மற்றது கத்தரிக்கு. வெட்டிய துணியை ஒட்ட முடியாது என்பதால் கேமராவின் இடமும் கையின் ஓட்டமும் சரியாகும்வரை செய்தித்தாளை வெட்டி ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். கறுப்பில் தையல் தெரியாது, வெள்ளை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், அரக்குச் சிவப்பைப் போன் ஒரே சாயக் குழம்பாக்கிவிடும். மாம்பழ மஞ்சள் சரிப்படும் என்றேன். தையல் எடுப்பாகத் தெரியச் சிவப்பு நூல் போடலாமா என்று கேட்டதும் மாஸ்டர் முகம் மாறிவிட்டது.

“தம்பி, மஞ்சத் துணிக்குச் சிவப்பு நூலா? இன்னொரு டெய்லர் பார்த்தா என்னப் பத்தி என்ன நினைப்பான்?”

அவர் சொன்னதே சரி. மஞ்சள் நூலே இருக்கட்டும்; வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு தையலும் தன் நிழலால் தெரியும்.

எழுத்து விஷயத்தில் நான் கஞ்சன். மேலே தெலுங்கு, கீழே தமிழ், ஒரு வரி மட்டும். அதுவும் அந்த ஏழு வினாடியில் இல்லை. ஒரு வரியை வாய்விட்டு இரண்டு முறை படிக்கிற நேரம் அது திரையில் நிற்க வேண்டும். திரையின் அடிப்பகுதியைப் பதில் எழுதும் பெட்டி மறைத்துவிடும், அங்கே எதையும் வைக்கக் கூடாது. போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று மாஸ்டர் பிடிவாதம் பிடித்தார். ஸ்டேட்டஸ் பார்ப்பவரிடம் நம்பர் ஏற்கெனவே இருக்கிறது, இல்லாவிட்டால் ஸ்டேட்டஸே தெரியாது. அங்கே தேவை கடைக்கு எதிரே என்ன இருக்கிறது என்கிற அடையாளம்தான். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிவைக்கும் பிரதிக்கு மட்டும் கடைசி நாலு வினாடியில் நம்பர் போட்டுத் தனியாக ஒன்று செய்துகொடுக்கலாம். சினிமாப் பாட்டு வேண்டாம். கத்தரி துணியைக் கடிக்கும் சத்தம், மெஷின் சத்தம் இரண்டும் போதும். பாட்டின் உரிமை வேறொருவருடையது, தவிர இந்தக் கடையின் சத்தம் வேறு கடைக்குக் கிடைக்காது.

பூ வைக்கும் ஷாட்டுக்கு நிற்பவரிடம் முன்பே அனுமதி கேட்டு, எடுத்ததை அவர் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். முகம் தேவையே இல்லை. அந்த ஷாட்டில் பட்டி ஏறினால் எடிட்டிங்கில் மறைக்க முயல வேண்டாம், ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டும்.

வெளியிடும் காலம் டிசம்பர் முதல் வாரம். ஆந்திராவில் சங்கராந்திதான் தையல்காரருக்குப் பெரிய பண்டிகை. அதற்கு முன்பே ஒரு கட்டத்தில் மாஸ்டர் புதுத்துணி வாங்குவதை நிறுத்திவிடுவார். அன்றைக்கே ஸ்டேட்டஸையும் எடுத்துவிட வேண்டும்.