"புரிஞ்சுதா பாட்டி?" என்று கேட்காதே

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயை எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் காமராஜர் அணைப் பக்கம் நடந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த ஒருவன் மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தான். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். "சார், இவளுக்கு ஒரு நாடகம் எழுதணுமாம், நீங்க கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றான். நாடகம் என்றதும் எனக்குப் பழைய ஆண்டு விழா ஞாபகம் வந்துவிட்டது. விஷயம் அதுவல்ல. கண் பார்வை குறைந்த ஒரு வயதான நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிறார். அவருக்கு மாத்திரைகளை எப்படி விளக்கிச் சொல்வது என்று உரையாடலாக எழுதி, வகுப்பில் இரண்டு பேர் நடித்துக் காட்டவேண்டுமாம்.

பிள்ளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. "இம்மாத்திரையை நாள்தோறும் இருவேளை உணவிற்குப் பின் உட்கொள்ள வேண்டும். புரிந்ததா பாட்டி?" என்று மாணவி கேட்கிறாள். "புரிந்தது அம்மா" என்கிறார் பாட்டி. இரண்டு பக்கத்துக்கும் இப்படியே. பாட்டி ஏழு இடத்தில் "புரிந்தது" என்று சொல்லியிருந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்றவன் நான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்பீர்கள். ஒருவனை எழுப்பி, "நீ சொல்லு பாப்போம்" என்றால்தான் வண்டவாளம் தெரியும். இதை வாசிக்கிற உங்களில் பலர் அப்படி எழுந்து நின்று திருதிருவென்று முழித்தவர்கள்தான்.

அந்த நோட்டைப் படித்ததும் எனக்கு என் அக்கா ஞாபகம் வந்தது. செம்பட்டிப் பக்கம் இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஒரு கண்ணில் புரை, இன்னொரு கண்ணில் சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போனது. நாலு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை கூடிப்போய் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு மாத்திரைப் பை, ஒரு இங்கிலீஷ் சீட்டு. அதில் 1-0-1, 1-0-0 என்று எழுதியிருந்தது. காலை, மதியம், ராத்திரி என்று அதற்கு அர்த்தம். அக்காவுக்கு எழுத்தும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை. பைக்குள் கைவிட்டால் எல்லா அட்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வீட்டு அலமாரியில் பழைய மாத்திரைப் பை ஒன்று இருந்ததை யாரும் கேட்கவில்லை. அதிலிருந்த சர்க்கரை மாத்திரை வேறு கம்பெனி, வேறு பெயர். ஆனால் உள்ளே இருக்கிற மருந்து புதிய பையில் இருந்த அதே கிளிமிபிரைடுதான். அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும், மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கண் நன்றாக இருக்கிறவர்களே கவனிக்க மாட்டோம். அக்கா பழையதையும் புதியதையும் சேர்த்தே போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் மதியம் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. பக்கத்து வீட்டுக்காரர் கருவியில் பார்த்தபோது 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள், தெளிந்தார். அப்பாடா என்று உட்கார்ந்தோம். ராத்திரி மறுபடி இறங்கிவிட்டது. கிளிமிபிரைடு உடம்பில் நாள் பூராவும் வேலை செய்கிற மருந்து என்பதும், அதனால்தான் இப்படி இறங்கியவர்களை ஒரு நாளாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார்.

இதைப் பிள்ளையிடம் சொன்னேன். நோட்டை மூடிவிட்டு யோசித்தாள். பிறகு, "தாத்தா, எங்க மேடம் டீச் பேக்னு ஒண்ணு சொன்னாங்க. நாம சொன்னத அவங்கள விட்டே திருப்பிச் சொல்ல வைக்கிறது. நான்தான் அத எழுதாம விட்டுட்டேன்" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து திருப்பி எழுதினோம். மருத்துவம் அவளுடையது, பேச்சுத் தமிழ் என்னுடையது. ஒரு பகுதியைத் தருகிறேன்.

மாணவி: அப்பத்தா, நான் நர்சிங் படிக்கிற பிள்ளை. மாத்திரை பத்திப் பேச வந்திருக்கேன். சன்னல் பக்கம் திரும்பி உக்காருங்க, வெளிச்சம் படட்டும். என்னைத் தெரியுதா?

அப்பத்தா: ஒரு கண்ணு சுத்தமாத் தெரியாது தாயி. இன்னொண்ணு பொகையா இருக்கும். வெள்ளையா நிக்கிறது தெரியுது.

மாணவி: அப்ப கண்ண விட்டுட்டுக் கையால பாப்போம். இந்தாங்க, மூணு டப்பா. ஒண்ணுல ஒரு ரப்பர் பேண்டு போட்டிருக்கேன், ஒண்ணுல ரெண்டு, ஒண்ணுல மூணு. தடவிப் பாருங்க.

அப்பத்தா: இது ஒண்ணு... இது மூணு. இது ரெண்டு.

மாணவி: சரியாச் சொன்னீங்க. ஒரு ரப்பர் டப்பா, காலையில இட்லி தட்டுல விழுந்தப்புறம், வாயில வைக்கிறதுக்கு முன்னாடி. சர்க்கரை மாத்திரை, ஒண்ணே ஒண்ணு. ரெண்டு ரப்பர் டப்பா, இட்லி சாப்பிட்டு முடிச்சதும். அதுல ரெண்டு அட்டை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு. ஒண்ணு சர்க்கரைக்கு, ஒண்ணு ரத்தக்கொதிப்புக்கு. மூணு ரப்பர் டப்பா, ராத்திரி சாப்பிட்டதும், ஒண்ணு.

அப்பத்தா: சின்னது செவப்பு, பெருசு வெள்ளைன்னு சொல்லிட்டாப் போதுமே.

மாணவி: அடுத்த தடவை வேற கம்பெனி மாத்திரை வந்தா நெறம் மாறிரும் அப்பத்தா. டப்பாவும் ரப்பரும் மாறாது. மாத்திரையப் பிரிச்சுக் கொட்டி வைக்காதீங்க, அட்டையோடயே இருக்கட்டும். அப்பத்தான் வேற யாரும் பேரப் படிக்க முடியும். சரி, நான் ஒழுங்காச் சொன்னேனான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போனதும் மருமக கேட்டா என்ன சொல்லுவீங்க?

அப்பத்தா: ஒரு ரப்பரு இட்லிக்கு முன்ன. ரெண்டு ரப்பரு இட்லிக்குப் பின்ன, ரெண்டு மாத்திரை. மூணு ரப்பரு ராத்திரி. வெள்ளிக்கெழம வெரதம், அன்னிக்கு இட்லி கெடையாது. வெறும் வயித்துல முதல் மாத்திரையப் போட்டுட்டு மதியம் சாப்பிட்டுக்குவேன்.

மாணவி: நல்லவேளை சொன்னீங்க. நான் அதக் கேக்காம விட்டது தப்பு. சாப்பாடு இல்லாம அந்த மாத்திரை போட்டா சர்க்கரை ரொம்ப எறங்கிரும். வெரதத்துக்கு என்ன செய்யிறதுன்னு நானாச் சொல்லக் கூடாது, கேட்டுட்டு வாரேன். (போய் வருகிறாள்.) டாக்டர் சொல்லிட்டாங்க, இப்போதைக்கு வெரதம் வேண்டாமாம். எப்பவாவது காலையில சாப்பிட முடியாமப் போனா ஒரு ரப்பர் டப்பாவத் தொட வேண்டாம். எங்க, வெள்ளிக்கெழம என்ன செய்வீங்க?

அப்பத்தா: இட்லி சாப்பிடுவேன். சாப்பிடலேன்னா ஒரு ரப்பரத் தொடமாட்டேன்.

மாணவி: அம்புட்டுத்தான். வீட்டுல பழைய மாத்திரை இருக்கா?

அப்பத்தா: இருக்கே. மாசாமாசம் வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போற புள்ள குடுத்தது. முன்ன கடையில வாங்கினதும் கெடக்கு.

மாணவி: எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, இன்னிக்கே மகனக் கொண்டுவரச் சொல்லுங்க. ஸ்டாஃப் நர்ஸ் பாத்து எது வேணும், எது வேண்டாம்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் அதத் தொடாதீங்க. திடீர்னு வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினா?

அப்பத்தா: மயக்கம்னு படுத்துக்குவேன்.

மாணவி: படுக்கக் கூடாது அப்பத்தா. முதல்ல மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கலந்து குடிங்க. கால் மணி நேரத்துல தெளியலேன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சப்புறம் ஏதாவது சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. நெனவு தப்பிட்டா வாயில யாரும் எதுவும் ஊத்தக் கூடாது, 108-க்குக் கூப்பிடணும். இது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் பத்தாது. மருமகளையும் கூப்பிடுங்க, மறுபடி முதல்ல இருந்து சொல்றேன்.

இவ்வளவுதான் உரையாடல்.

வீட்டுக்கே வந்து கொடுக்கிறது என்று அப்பத்தா சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆஸ்பத்திரியில் புதிதாக எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கு வருகிற பிள்ளையிடமும் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பைகளும் ஒரே அலமாரியில் சேர்ந்துவிடும். என் அக்கா வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

பிள்ளைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "தாத்தா, பாட்டி தப்பாச் சொல்ற மாதிரி எழுதினா மேடம் மார்க் கொறைப்பாங்களோ?" என்றாள். அந்தத் தப்பு வந்ததால்தான் விரதம் வெளியே வந்தது, உன் நாடகத்தில் அந்த இடம்தான் உயிர் என்றேன். "எனக்குத் தெரியாது, கேட்டுட்டு வாரேன்" என்று மாணவி எழுந்து போகிற இடத்தையும் வெட்டாதே என்றேன். படிக்கிற பிள்ளை தானாக அளவைக் கூட்டிக் குறைத்துச் சொன்னால் அது ஆபத்து.

நேற்று அவளிடமிருந்து போன். வகுப்பில் நடித்தார்களாம். அப்பத்தா வேஷம் போட்ட பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டார்களாம். இரண்டு ரப்பர் டப்பாவில் இரண்டு அட்டைகள் இருந்தனவே, அந்தப் பிள்ளை ஒரே அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கிவிட்டாளாம். வகுப்பே சிரித்ததாம். மேடம் மட்டும் சிரிக்காமல், "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டாராம். கடைசியில், ரத்தக்கொதிப்பு அட்டையின் ஒரு மூலையை, பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத பக்கமாகப் பார்த்து, கத்தரிக்கோலால் சாய்த்து வெட்டிவிடுவது என்று முடிவு செய்தார்களாம். தொட்டாலே வித்தியாசம் தெரியும். எனக்கு அது தோன்றவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை செம்பட்டிக்குப் போகிறேன். மூன்று டப்பாவும் ரப்பர் பேண்டும் வாங்கி வைத்திருக்கிறேன், கத்தரிக்கோல் அக்கா வீட்டிலேயே இருக்கும். அக்காவை எழுப்பி, "நீ சொல்லு பாப்போம்" என்று கேட்கப்போகிறேன். என்னைவிட மூத்தவர், திட்டினாலும் திட்டுவார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையை எப்படி அடையாளம் வைத்துப் போடுகிறார்கள்? பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தப் பிள்ளையிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆத்தூர் வாத்தியார்