எழுபத்து நான்கு கிலோ அரிசி

நாம் பாடம் நடத்தும் மதரஸாவின் விடுதிச் சரக்கறையில் சென்ற மாதக் கடைசி நாள் இருப்பு எண்ணப்பட்டது. பொன்னி அரிசியில் ஏடு காட்டிய கணக்கு 280 கிலோ. நேரில் இருந்ததோ 206 கிலோ. குறைவு 74 கிலோ. மறுநாள் நிர்வாகக் குழு கூடவிருந்தது. சரக்கறைச் சாவி பல ஆண்டுகளாக ஒரு பெரியவரின் கையில் இருக்கிறது. எவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருடைய பார்வையும் அவர் பக்கமே சென்றது. குழுவுக்கான சுருக்கத்தை எழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது.

ஏட்டு இருப்பு எப்படி வருகிறது என்பதை முதலில் எழுதிக்கொண்டோம். மாதத் தொடக்கத்தில் இருந்தது 120 கிலோ. சரக்கு வரவுச் சீட்டுகள் மூன்று. 41ஆம் எண் சீட்டில் 10 மூட்டை, 42இல் 8 மூட்டை, 43இல் 2 மூட்டை. மூட்டைக்கு 25 கிலோ வீதம் மொத்தம் 500 கிலோ. சமையலுக்கு எடுத்ததாக ஏட்டில் இருந்தது 340 கிலோ. தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் 280. கூட்டலில் பிழை இல்லை. ஆகவே பிழை, கூட்டப்பட்ட எண்களுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, சீட்டுகளையும் எண்ணிக்கைத் தாளையும் நேர வரிசையில் வைத்துப் பார்த்தோம். எண்ணிக்கை நடந்தது 30ஆம் தேதி காலை, ஃபஜ்ரு தொழுகைக்குப் பின். 43ஆம் எண் சீட்டின் தேதியும் 30தான். ஆனால் வண்டி வந்தது அன்று அஸருக்குப் பின். அந்தச் சீட்டில் கையொப்பமிட்டவர்கள் நாமே; நேரத்தை எழுதத் தவறியவர்களும் நாமே. எண்ணியபோது வந்தே சேராத 50 கிலோவை ஏடு வரவாகச் சேர்த்திருந்தது. ஊகத்தில் விட்டுவிடாமல் சரக்கறைக்குச் சென்று பார்த்தோம். எண்ணிக்கைத் தாளில் 8 முழு மூட்டையும் 6 கிலோ சில்லறையும் இருந்தன. இப்போது முழு மூட்டைகள் 10 நின்றன. அதன்பின் எதுவும் எடுக்கப்படவில்லை என்பதால் பிந்தி வந்த இரண்டும் அவையே என்பது உறுதியாயிற்று. அவற்றை நீக்கினால் ஏட்டு இருப்பு 230. குறைவு 24 கிலோ.

பிறகு பெரியவரிடம் சென்றோம். "பாய், ஏட்டில் எழுதாமல் அரிசி எடுத்த நாள் ஏதும் உண்டா?" என்று மட்டும் கேட்டோம். அவர் சற்று யோசித்தார். "ஹஜ்ரத், வெளியூர்ப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து தங்கிய அன்று இருபது கிலோ கொடுத்தேனே. ஏடு அலுவலக அறையில் பூட்டியிருந்தது. துண்டுச் சீட்டில் குறித்துவைத்தேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டையும் எடுத்துத் தந்தார். சமையற்காரரிடம் தனியாகக் கேட்டோம். அவரும் அதே அளவைச் சொன்னார். ஏட்டு இருப்பு 210 ஆயிற்று. மிஞ்சிய குறைவு 4 கிலோ.

இந்த நான்கு கிலோவுக்குச் சிந்தியது, எலி தின்றது என்று ஒரு காரணம் எழுதிக் கணக்கை நேராக்கிவிட மனம் தூண்டியது. அவ்வாறு செய்யவில்லை. "காரணம் தெரியவில்லை" என்றே எழுதினோம். அடுத்த மாதமும் இதே அளவு குறைந்தால் தினமும் அளந்து கொடுக்கும் தராசைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு அந்த வரியே அடையாளமாக நிற்கும். இன்னொன்றையும் சேர்த்தோம்: மூட்டைகளை எண்ணினோமே தவிர நிறுக்கவில்லை. மூட்டையிலேயே எடை குறைந்து வந்திருந்தால் இந்தத் தாள்கள் அதைக் காட்டா.

சமையல் எண்ணெயில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஏட்டில் உள்ளதைவிட நேரில் சுமார் 6 லிட்டர் கூடுதல். வரவுச் சீட்டில் 4 டின் என்றும், ஏட்டில் 60 லிட்டர் என்றும் இருந்தது. டின்னின் மேல் அச்சிட்டிருந்ததோ 15 கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது; 15 கிலோ எண்ணெய் ஏறத்தாழ 16½ லிட்டர் வரும். நான்கு டின்னுக்கு அந்த வேறுபாடே 6 லிட்டர். ஒரு பொருளின் மிகுதியைக் கொண்டு இன்னொரு பொருளின் குறைவை ஈடுகட்டக் கூடாது என்பதால் இதைத் தனி வரியாகவே வைத்தோம்.

குழுவின் முன் வைத்த தாளில் பொருளுக்கு ஒரு வரி: ஏட்டு இருப்பு, நேர் இருப்பு, வேறுபாடு, காரணம் தெரிந்த அளவு, தெரியாத அளவு. அரிசியின் வரியில் 280, 206, குறைவு 74, தெரிந்தது 70, தெரியாதது 4. முத்தவல்லி அதை இருமுறை படித்துவிட்டு, இனி வரவுச் சீட்டில் நேரமும் எழுதப்பட வேண்டும், செலவு ஏடு சரக்கறையிலேயே இருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்.

பெரியவர் அன்றும் வழக்கம்போல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சென்றார். முதல் நாள் அந்த 74ஐ மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் ஓர் அமானிதக்காரரின் பெயர் என்னவாகியிருக்கும் என்று எண்ணி நாம் தலைகுனிந்தோம்.