மஞ்சள் சளியும் மூன்று மாத்திரையும்

மருந்துக்கடையில் வைரஸ், பாக்டீரியா பாடம் நடத்த ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். பின்னால் நாலு பேர் சில்லறையோடு நிற்பார்கள். அதனால் பாடத்தை நான் கிருமியில் தொடங்குவதில்லை. "எத்தனை நாளாச்சு?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அசித்ரோமைசின் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் நாளில் வருகிறார்கள். முதல் நாள் தொண்டை கரகரப்பு, மறுநாள் மூக்கு ஒழுகல், மூன்றாம் நாள் சளி கெட்டியாகி மஞ்சளாகிவிடும். "தம்பி, சளி பழுத்துருச்சு. அந்த மூணு மாத்திரை அட்டை ஒண்ணு குடு" என்பார் ஓர் அண்ணன். கிருமி முற்றிவிட்டது என்பது அவர் கணக்கு. உண்மையில் அந்த நிறம் பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்கள் தருவது. கிருமியோடு மல்லுக்கட்டிச் செத்த அணுக்களில் உள்ள பச்சை நிறப் பொருள் சளியில் கலந்து வருகிறது. வைரஸ் சளியிலும் இதே நிறம் வரும். நிறத்தை வைத்து எந்தக் கிருமி என்று சொல்ல முடியாது.

"போன தடவை அதைப் போட்டதும் கேட்டுச்சே" என்பார் அடுத்து. அங்கேதான் நாள் கணக்கு கைகொடுக்கிறது. சாதாரண ஜலதோஷம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், தானே இறங்கி, ஏழு முதல் பத்து நாளில் விடும். உச்சத்தில் மாத்திரை போட்டால் ஐந்தாம் நாள் லேசாகத்தான் இருக்கும். போடாவிட்டாலும் ஐந்தாம் நாள் லேசாகத்தான் இருக்கும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

பிறகுதான் கிருமிக்கு வருவேன். "அண்ணே, பாக்டீரியா சொந்த அடுப்போட குடிவர்ற ஆளு. நான் தர்ற மாத்திரை அந்த அடுப்பை உடைக்கும். வைரஸுக்கு அடுப்பே கிடையாது, உங்க அடுப்புலயே சமைச்சுத் திங்கும். இந்த மாத்திரைக்கு அங்க உடைக்க ஒண்ணுமில்ல." இதற்கு மேல் கேட்டால் விவரம் சொல்வேன். அமாக்சிசிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. அசித்ரோமைசின் அது புரதம் செய்யும் இடத்தை முடக்குகிறது. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தமாகப் புரதம் செய்யும் இடமும் இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து அங்குள்ளதை வைத்தே பெருகுகிறது. வைரஸுக்கு மருந்தே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் வைரஸ் மருந்துதான். ஆனால் அது அந்தக் குடும்பத்து வைரஸை மட்டுமே தடுக்கும், ஜலதோஷத்தைத் தொடாது.

"மூணே மாத்திரைதானே, என்ன கெட்டுப்போகும்?" என்பது எனக்குப் பிடித்த கேள்வி. அசித்ரோமைசின் உடலை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். ரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறையவே மூன்று நாள் பக்கம் ஆகும். திசுக்களில் இன்னும் சில நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கியிருக்கும். மூன்று நாள் போட்டால் போதும் என்று வைத்திருப்பதே அதனால்தான். தேவையில்லாமல் போட்டால் இந்த நல்ல குணமே வினையாகிறது. தொண்டையிலும் குடலிலும் சும்மா இருந்த பாக்டீரியாக்கள் எல்லாவற்றையும் கொல்லப் போதாத அளவு மருந்தில் பல நாள் நனைகின்றன. சாதுவானவை சாக, தாக்குப்பிடித்தவை பெருகும். சிலருக்கு உடனே வயிற்றுப்போக்கும் வரும்.

ஆகவே அந்த அண்ணனுக்கு நான் கொடுத்தனுப்புவது பாராசிட்டமாலும், மூக்கில் விட உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தும்தான். கூடவே திரும்ப வேண்டிய அடையாளங்களையும் சொல்வேன். கொஞ்சம் தேறி, பிறகு மறுபடி காய்ச்சலும் ஒரு பக்கக் கன்னவலியும் வந்தால் பாக்டீரியா பின்னால் வந்து சேர்ந்திருக்கலாம். இருமல், மூக்கொழுகல் இல்லாமல் திடீர்க் காய்ச்சலோடு தொண்டையில் வெள்ளைத் திட்டும் கழுத்தில் நெறிகட்டலும் இருந்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். குழந்தைகளுக்கு அந்தத் தொண்டைப்புண்ணைக் கவனிக்காவிட்டால் இதய வால்வு வரை போகலாம். அங்கே ஆன்டிபயாட்டிக் அவசியம். மூச்சு வாங்கினால் பத்து நாள் காத்திருக்கவே கூடாது. சளியே இல்லாமல் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் என்றால் டெங்குவாக இருக்கலாம். ரத்தம் பார்க்கும்வரை பாராசிட்டமால் மட்டும் போதும், வேறு வலி மாத்திரை எதுவும் கேட்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் அட்டைகளின் பின்புறம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு அச்சிட்டிருக்கும். டாக்டர் சீட்டில்லாமல் தரக்கூடாது என்று அதற்குப் பொருள். அடுத்தமுறை உங்கள் ஊர்க் கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள்.