குதிரைக்கு எத்தனை வயசு?

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஐயனார் கோயில்களுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கோயிலுக்குப் போற பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். முன்னுக்கு நிற்கிறது பளபளக்கும். பின்னுக்குப் போகப்போகக் காது இல்லாதது, தலை இல்லாதது, கடைசியில் நாலு கால் மட்டும் நிற்கிறது, அதுக்கும் பின்னால ஓட்டுக் குவியல். எங்கட வன்னியிலும் குளக்கட்டுக்குக் காவல் ஐயனார்தான். ஆனால் இவ்வளவு குதிரைகளை ஒரே இடத்தில் நான் அங்கதான் முதன்முதலாகக் கண்டன்.

அந்த வரிசையை வடிவாப் பார்த்து வைத்திருந்தது பிறகு உதவியது. ரொறன்ரோவில இருக்கிற நண்பன் ஒருத்தன் காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு குதிரையைப் படத்தில் பார்த்து ஆசைப்பட்டுவிட்டான். "மச்சான், 200 வருசப் பழசாம். நீ அங்கதானே நிக்கிற, ஒருக்காப் போய்ப் பாத்துச் சொல்லு" என்று வட்ஸ்அப்பில செய்தி. போனன்.

இடுப்பளவு உயரக் குதிரை. நீல உடம்பு, வெள்ளைப் பல், கழுத்தில மணிமாலை. ஒரு காது உடைந்திருந்தது. முன்கால் ஒன்றின் அடி விளிம்பும் போயிருந்தது. எனக்கு முதலில் வேண்டியது அந்த உடைவுதான். முழுசாக இருக்கிற குதிரை தன்னைப் பற்றி அதிகம் சொல்லாது.

கடைக்காரர் காலைச் சரித்துக் காட்டினார். "உள்ள பாருங்க தம்பி, எப்படிக் கறுத்துப் போயிருக்கு. அவ்வளவு பழசு." உண்மையில் ஓட்டின் வெளிப்பக்கம் சிவப்பு, நடுவில் கரிக் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்புக்கும் வயசுக்கும் சம்பந்தம் இல்லை.

குதிரை செய்ய வேளார்கள் எடுக்கிற களிமண்ணில் மணலும் உமியும் கலக்கிறார்கள். வெறும் களியில் இவ்வளவு தடிப்பாகச் செய்தால் காயும்போதே வெடிக்கும். நாலு காலையும் குழாய் மாதிரித் தனித்தனியாகச் செய்து, அவை இறுகின பிறகு மேலே வயிற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போவார்கள். சூளை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. விறகு, வரட்டி, வைக்கோல் அடுக்கி, மேலே சேறு பூசி மூடி எரிப்பது. அந்தச் சூட்டில் உமி எரிந்து கரியாகிறது. கரி முழுக்க எரிந்து போக வேண்டுமென்றால் காற்று உள்ளே போகவேண்டும், நேரமும் வேண்டும். ஓட்டின் வெளிப்பக்கத்துக்கு இரண்டும் கிடைக்கிறது, நடுவுக்குக் கிடைக்கிறதில்லை. அதனால் போன மாதம் சுட்ட குதிரையை உடைத்தாலும் நடு கறுப்பாக இருக்கலாம். விலாவில் தெரிகிற புகைபிடித்த மாதிரிக் கருந்திட்டும் அப்படித்தான். அந்த இடத்தில் வரட்டியோ விறகோ ஒட்டிக்கொண்டு எரிந்திருக்கிறது.

கறுப்பு எவ்வளவு தடிப்பு என்பது சூடு எப்படிப் பிடித்தது என்று சொல்லும். விரலால் தட்டினால் நன்றாக வெந்தது 'டங்' என்று குரல் கொடுக்கும். அரைவேக்காடு மொத்தையாகக் கேட்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் மொத்தைதான், அதனால் ஒரு இடத்தில் மட்டும் தட்டி முடிவு எடுக்கக்கூடாது. இந்தக் குதிரை கழுத்தில் நல்லாக் கேட்டது, வயிற்றில் மந்தம்.

அடுத்தது நிறம். கடையில வெளிச்சம் காணாது, போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்தன். உடைந்த காதின் வெட்டு முகத்தில் நீலப் பெயின்ற் வழிந்து இறங்கியிருந்தது. ஆக, காது உடைந்தது முதல், நீலம் பூசினது பிறகு. ஓட்டில் குதிரை முழுசாக இருந்தபோது இந்த நீலம் இல்லை. அந்த நீலம் தோல் மாதிரிப் பளபளத்துச் சுருண்டு உரிந்தது, அதாவது இரும்புக் கேற்றுக்கு அடிக்கிற எனாமல். சுண்ணாம்பும் காவியும் அப்படி உரியாது, தூளாகக் கையில் ஒட்டும். நீலத்துக்கு அடியில் அப்படி ஒரு சுண்ணாம்புப் படை உண்மையிலேயே இருந்தது. எனக்கு அது சந்தோஷம்.

ஆனால் இரண்டு படைக்கும் நடுவில் என்ன இருக்கு என்பதுதான் முக்கியம். வெளியில் பல வருசம் நின்ற குதிரைக்குப் பிறகு நிறம் பூசினால் நடுவில் ஊத்தை, பாசி, விளக்கெண்ணெய்க் கறை ஏதாவது சிக்கியிருக்கும். இங்கே சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. கோயிலில் நின்று நனைந்த சுண்ணாம்பு இப்படி இருக்காது.

இதோடு நான் பார்த்த அந்த வரிசையையும் ஒப்பிட்டன். மழை மேலிருந்து விழுகிறது, ஆகவே திறந்த வெளியில் நிற்கிற குதிரைக்கு முதுகும் தலையும்தான் முதலில் அரிக்கும். தோல் போய், எரிந்த உமி விட்ட சின்னச் சின்னக் குழிகள் வெளியே தெரியும். வயிற்றின் அடி கிட்டத்தட்டப் புதுசு மாதிரியே கிடக்கும். பாதம் ஈர மண்ணை உறிஞ்சுவதால் அங்கே உப்புப் பூத்துப் பொருக்கு விடும். அந்த ஊர் வேளார் ஒருவர் எனக்குச் சொன்னது: "முதல்ல காது போவும், அப்புறம் வாலு. கால் கடைசி." இந்தக் குதிரையில் அழுக்கு முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவாகப் பூசினது மாதிரி இருந்தது. விரலை நனைத்துத் தேய்த்தன், தேத்தண்ணி நிறத்தில் கழன்று வந்தது. உண்மையான பாசி குழிக்குள் வேர்விட்டது மாதிரிப் பிடித்திருக்கும், இலேசில் வராது. பாதமும் சுத்தம்.

என்னுடைய முடிவு: மண் குதிரை உண்மையானது, கையால் செய்தது, வேளார் வேலைதான். ஆனால் வெளியில் அதிகம் நிற்கவில்லை. பூசின நீலம் பிந்தியது, அழுக்கு கடையில் வந்தது. 200 வருசத்துக்கு இதில் ஒரு சாட்சியும் இல்லை. சரியாக எத்தனை வருசம் என்று கண்ணால் ஒருவராலும் சொல்ல ஏலாது. ஆய்வுகூடத்தில் ஓட்டைத் துளைத்துத் தூள் எடுத்து, அதைச் சூடாக்கும்போது வருகிற ஒளியை அளந்து, கடைசியாக எப்போது சுட்டது என்று கணக்கிடலாம். அதுவும் ஐந்தில் ஒரு பங்கு வரை முன்பின்னாக வரலாம். நிறத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இதை நண்பனுக்குச் சொல்ல முதல் கடைக்காரரிடம் இன்னொன்று கேட்டன்: 200 வருசம் என்றால் கனடாவுக்கு எப்படி அனுப்புவீர்கள்? இந்தியாவின் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருசம் தாண்டின சிற்பம் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. அவர் சிரித்துக்கொண்டே, "பில்லுல புது கைவினைப் பொருள்னு போட்டுத் தர்றேன் தம்பி" என்றார். வாய்க்கு ஒரு வயசு, பில்லுக்கு ஒரு வயசு.

எந்த ஊர்க் கோயிலில் இருந்து வந்தது என்ற கேள்விக்கு "சிவகங்கைப் பக்கம்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இது எனக்கு விலையைவிடப் பெரிய விஷயம். ஊர் கூடி வேளாரிடம் பிடிமண் கொடுத்துத்தான் இந்தக் குதிரைகள் தொடங்குகின்றன. புரவி எடுப்பு அன்று ஊரே தோளில் சுமந்து கொண்டுபோய் விடுகிறது. பிறகு அது கோயிலிலேயே விழுந்து மண்ணாகிறது, அதை ஒருவரும் திருத்துகிறதில்லை. அந்த வரிசையில் இருந்து ஒன்றைத் தூக்கினால் காவல் இல்லாத கோயிலில் கேட்க ஆள் இருக்காது. நல்லாப் பழசான, ஊர் பேர் சொல்லாத குதிரை ஒன்று கடைக்கு வருகிறதென்றால் அது எப்படி வந்திருக்கும் என்று யோசிக்கத்தான் வேணும்.

படங்களையும் இவ்வளவையும் நண்பனுக்கு அனுப்பினன். "அப்ப இது களவெடுத்ததில்லைத்தானே?" என்று கேட்டான். இது கோயிலில் நின்ற மாதிரித் தெரியவில்லை, உறுதியாகச் சொல்ல ஏலாது என்று எழுதினன். அவன் வாங்கவில்லை. வேளார் ஒருவரிடம் புதுசாக ஒன்று செய்விக்க எவ்வளவு முடியும் என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறான். காது உடையாமல் ரொறன்ரோவுக்கு அதை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதுதான் எங்கட அடுத்த தலையிடி.