டிரஸ்ட் என்று எழுதிய கை

பாளையங்கோட்டையில் பழைய தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கி, 'மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு' என்று சான்றெழுதிக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போகும் கட்டுகளில் என் தாள்களும் போகும். அப்படிப் போன ஒன்றில், மூலத்தில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். தெரிந்துதான் சேர்த்தேன்.

பத்திரத்தை எழுதி வைத்தவர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருபூ விளையும் நஞ்சை வைத்திருந்த ஒரு பெரியவர். அதன் சாரம் எளிது. நஞ்சையின் பலனிலிருந்து வருஷந்தோறும் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் கட்டளை நடத்த வேண்டியது, மிச்சத்தை வாரிசுகள் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. நிலம் யாருக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை. பேரன்மார் காலத்தில் ஒரு கிளை நிலத்தை விற்றது. மற்றக் கிளை, இது கோயில் கட்டளைச் சொத்து, 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி ஆணையர் அனுமதியில்லாத விற்பனை செல்லாது என்று வழக்குப் போட்டது. எனக்குக் கூலி கொடுத்தது இந்தக் கிளை.

'கட்டளை' வந்த இடமெல்லாம் 'டிரஸ்ட்' என்று போட்டேன். நடத்துகிறவர் டிரஸ்டி ஆனார். அத்தோடு நிற்கவில்லை. 'டிரஸ்டாக ஒப்படைக்கிறேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியத்தையும் கோத்துவிட்டேன். அது இல்லாமல் ஆங்கிலம் தொங்கலாக நின்றது.

எங்கள் பக்கத்து ஜூனியர் வக்கீல் மூலத்தை வைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணாச்சி, ஒப்படைக்கேன்னு இதுல எங்க இருக்கு?"

"அர்த்தம் அதாம்யா" என்றேன். சீனியருக்கு என் ஆங்கிலம் பிடித்திருந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

அர்த்தம் அது இல்லை. டிரஸ்ட் என்பது இங்கிலாந்தின் இரண்டு நீதிமன்றங்களுக்கு இடையே பிறந்த சரக்கு. ஒருவர் நிலத்தை நண்பர் பேருக்கு எழுதி, பலன் என் பிள்ளைகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். பொதுச்சட்ட நீதிமன்றம் நண்பரையே உடைமையாளர் என்னும். சான்சரி நீதிமன்றம் அவர் மனச்சாட்சியைப் பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைக்கும். ஈக்விட்டி என்பது அந்தச் சான்சரியின் சட்டம். அதை 'சமநீதி' என்று தமிழாக்கினால் இந்த வரலாறு முழுவதும் கழன்றுவிடும். இப்படி இரண்டு நீதிமன்றங்களும் இரண்டு விதமாகப் பார்த்த பழக்கத்தால் அங்கே ஒரே நிலத்துக்குச் சட்டத்தின் கண்ணில் ஒருவரும் ஈக்விட்டியின் கண்ணில் வேறொருவருமாக இரண்டு உடைமையாளர்கள் உண்டு.

நம் கட்டளையில் இந்த இரட்டை உடைமை கிடையாது. நிலத்தை முழுவதுமாகத் தர்மத்துக்கே விட்டிருந்தால் உடைமை சாமிக்குப் போகும், நடத்துகிறவர் வெறும் நிர்வாகி. இந்து மடாதிபதி ஆங்கில அர்த்தத்தில் டிரஸ்டி ஆகமாட்டார் என்று 1921-இல் வித்யா வாருதி தீர்த்தர் வழக்கில் பிரிவி கவுன்சிலே சொன்னது. 1882-ஆம் வருஷத்து டிரஸ்ட் சட்டமும் சமய, தர்ம நிலைக்கொடைகளைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இன்னொரு வகைக் கட்டளையில் நிலம் குடும்பத்தோடே இருக்கும், தர்மச் செலவு மட்டும் அதன்மேல் ஒரு பாரமாக ஏறும். அப்படிப்பட்ட நிலத்தை விற்கலாம். வாங்குகிறவர் பாரத்தையும் சேர்த்து வாங்குகிறார், அவ்வளவுதான். எந்த வகை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1957-இல் மேனகூரு தசரதராமி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது. பத்திரத்தை முழுதாகப் படித்து, வருமானத்தில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி தர்மத்துக்கும் சொற்பம் நடத்துகிறவருக்கும் போனால் முழு அர்ப்பணம் எனலாம். கொஞ்சம் தர்மத்துக்குப் போய் கணிசமான மிச்சம் குடும்பத்துக்கு நின்றால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

எங்கள் பெரியவர் விட்டது ஒரு நாள் கட்டளை. கார், பிசானம் இரண்டு பூவின் பலனில் உத்திரத்தன்று எத்தனை பேருக்கு இலை போட்டாலும் மிச்சமே பெரிது. பத்திரம் பாரத்தின் பக்கம்தான் சாய்கிறது. நான் கோத்த வாக்கியமோ நிலத்தையே குடும்பத்தின் கையிலிருந்து எடுத்துவிட்டது. நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வியை, கூலி கொடுத்தவர் பக்கமாக நான் தீர்த்துக் கொடுத்திருந்தேன்.

இந்த 1957 தீர்ப்பைப் பிற்பாடுதான் படித்தேன். ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். 'ஒப்படைக்கிறேன்' மூலத்தில் இல்லை என்று காண எந்தத் தீர்ப்பும் தேவையில்லை, கண் இருந்தால் போதும். படித்த பிறகும் வழக்கு நிலுவையில்தான் இருந்தது. திருத்தம் தாக்கல் செய்யச் சொல்லி வக்கீலிடம் போயிருக்கலாம். போகவில்லை. பத்திரக் கட்டுகள் அடுத்து வேறு ஆளிடம் போய்விடும் என்ற பயம்தான்.

இப்போது கட்டளையைக் கட்டளை என்றே ஆங்கிலத்தில் விடுகிறேன். 'பலனிலிருந்து நடத்தி, மிச்சத்தை அனுபவித்து' என்பதை வினை மாறாமல் வைக்கிறேன். நிலம் யாருக்கு என்று மூலம் சொல்லவில்லை என்பதை அடிக்குறிப்பில் எழுதுகிறேன். ஆங்கிலம் நொண்டுகிறது என்று சில வக்கீல்கள் திருப்பி அனுப்புகிறார்கள்.

அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிலத்தை வாங்கியவர் ஒரு தொகையை இறக்கிக் கொடுத்தார் என்று கேள்வி. அந்தத் தொகைக்கு என் வாக்கியம் எவ்வளவு தூரம் காரணம் என்று ஜூனியரைக் கேட்டால் சொல்லுவார். நீதிமன்ற வளாகத்தில் அவரை அடிக்கடி பார்க்கிறேன். கேட்கவில்லை.