தவறிய மதிய உணவும் இரண்டு பேனாக்களும்

ஒருவேளை உணவு தவறினால் இன்சுலினை என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. ஒரே குடும்பத்தில், ஒரே மாதிரித் தோன்றும் பேனாக்களைப் பயன்படுத்தும் இருவருக்கே விடை நேரெதிராக அமையலாம்.

ஹைதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒருத்திக்குப் பள்ளிப் பருவத்திலிருந்தே முதல் வகை நீரிழிவு. அவளிடம் இரண்டு பேனாக்கள் உண்டு. ஒன்றிலிருந்து இரவில் 18 யூனிட் கிளார்ஜின். மற்றொன்றிலிருந்து ஒவ்வொரு உணவுக்கும் சுமார் 6 யூனிட் விரைவு இன்சுலின். கருத்தரங்கு நீண்டு விடுதி உணவகம் மூடிவிட்டால் அவள் மதியத்துக்குரிய 6 யூனிட்டை மட்டும் விட்டுவிடுவாள். இரவு 18 யூனிட்டில் கைவைப்பதில்லை. அது உணவுக்கானதன்று, உண்ணாதபோதும் கல்லீரல் இரத்தத்தில் சேர்த்துக்கொண்டிருக்கும் சர்க்கரைக்கானது. அதை நிறுத்தினால் பட்டினியிலும் சர்க்கரை ஏறும், கீட்டோன் சேரும். தட்டு கைக்கு வந்தபின்பே விரைவு இன்சுலினை ஏற்றுவது என்பது விடுதி வாழ்க்கை அவளுக்குக் கற்பித்த ஒழுங்கு.

சேலத்தில் இருக்கும் அவளுடைய தந்தைக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அவருடையது 30/70 கலவை இன்சுலின். காலைச் சிற்றுண்டிக்கு முன் 16 யூனிட், இரவு உணவுக்கு முன் 10. ஒருநாள் திருமண வீட்டில் பந்தி தாமதமானது. மூன்று மணியளவில் வியர்த்து, கை நடுங்க, மகளை அழைத்தார்.

“மத்தியானம் இன்னும் சாப்பிடலை கண்ணு. சாப்பாடு தவறினா பரவாயில்லைன்னு நீதானே சொல்லுவே?”

“அது என் ஊசிக்குப்பா. உங்களுக்கு அப்படி இல்லை. முதல்ல மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க.”

சட்டைப்பையிலிருந்த குளுக்கோமீட்டர் 58 காட்டியது. சர்க்கரை நீர் குடித்த 15 நிமிடங்களுக்குப் பின் 81. அதன் பிறகே இலையில் அமர்ந்தார்.

நடந்தது இதுதான். கலவை இன்சுலினில் 30 பங்கு காலைச் சிற்றுண்டியைக் கவனிக்கும். எஞ்சிய 70 பங்கு மெல்லத் தொடங்கி, நண்பகலிலிருந்து மாலைக்குள் உச்சத்தை அடையும். அவருடைய மதிய உணவுக்குரிய இன்சுலின் காலை எட்டு மணிக்கே உடலுக்குள் போய்விட்டது. மதியத்தில் விட்டுவிட அவருக்கு ஊசியே இல்லை. உண்பது ஒன்றே வழி. காலைச் சிற்றுண்டியே தவறும் நாளில் 16 யூனிட்டையும் வழக்கம்போல ஏற்றவும் கூடாது, தாமே கணக்கிட்டுப் பாதியாக்கவும் கூடாது. அதற்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மருந்துச் சீட்டில் யாரும் விளக்கி எழுதுவதில்லை என்பது வியப்புத்தான்.

விடுமுறையில் ஊருக்கு வந்தவள் தந்தை ஊசி போடுவதை அருகிலிருந்து பார்த்தாள். பேனாவின் அடியில் வெள்ளை வண்டல் படிந்திருந்தது. கலவை இன்சுலினை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழுமாகச் சாய்த்து, ஒரே சீரான பால் நிறம் வந்தபின்பே பயன்படுத்த வேண்டும். இல்லையேல் 30, 70 என்ற விகிதமே பொய்யாகிவிடும். ஊசிமுனையை அவர் வாரம் முழுவதும் கழற்றுவதில்லை. அதன் வழியே காற்று உள்ளே புகும், மருந்து கசியும், முனையும் மழுங்கும். ஒவ்வொரு முறையும் புதிய முனை பொருத்தி, முதலில் 2 யூனிட்டைக் காற்றில் தள்ளித் துளி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பொத்தானை முழுவதும் அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட அவளைக் கவலைகொள்ளச் செய்தது தொப்புளுக்கு வலப்புறம் இருந்த மேடு. ஈர விரலால் தடவியபோது ரப்பர் போல அழுந்தியது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் ஏற்றியதால் தடித்த கொழுப்பு அது. அங்கே வலி குறைவு என்பதால்தான் அவர் அந்த இடத்தை விரும்பினார். ஆனால் அந்த மேட்டிலிருந்து இன்சுலின் ஒருநாள் தாமதமாகவும் ஒருநாள் திடீரென்றும் இரத்தத்தில் கலக்கும். ஒரே உணவு, ஒரே அளவு, ஆனால் ஒருநாள் 110, மறுநாள் 240 என்று அவருடைய குறிப்பேடு காட்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இடத்தை உடனே மாற்றிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நல்ல தோலிலிருந்து முழு மருந்தும் உடலில் சேரும்போது பழைய அளவு மிகையாகிவிடும். மருத்துவர் காலை அளவை 16-லிருந்து 13 ஆகக் குறைத்து, சில வாரங்களுக்கு அடிக்கடி சர்க்கரை பார்க்கச் சொன்னார். வயிற்றை நான்கு கட்டங்களாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு கட்டம். முந்தைய துளையிலிருந்து ஒரு விரல் தள்ளி அடுத்தது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் தொடக்கூடாது. மேடு இருந்த கட்டம் மட்டும் இப்போதைக்கு முறையில் இல்லை. அது மெலிய மாதங்கள் ஆகும். அதுவரை மூன்று கட்டங்களே.